பல்: 15 நிமிடம்

என் வேலைப் பட்டியல் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியுமே. “பல். ரிப்போர்ட் 4க்குள்ள. கரண்ட் பில். அந்த மெயில். அப்பா.” இப்படி 14 வரி. இன்று காலை அதை அப்படியே ஏஐ செயலியில் போட்டு, “இதை அன்பான தினசரித் திட்டமாக மாற்று” என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டேன்.

வந்ததே பாருங்கள். “பொன்னான காலை வணக்கம், சாதனையாளரே!” காலை 6 மணிக்குத் தியானம். நான் கேட்கவே இல்லை. 6.30க்குப் பல் துலக்குதல், 15 நிமிடம். அடேய், அது 11 மணிக்குப் பல் டாக்டர்! அதோடு அப்போது மணி பத்தரை. நான்கரை மணி நேரம் பின்தங்கிய நிலையில் என் நாள் துவங்கியிருந்தது.

இவர் எட்டிப் பார்த்துவிட்டு, “நீ எழுதினதைத்தானே அது படிச்சுது” என்றார். உதவிக்கு வராத உண்மையைச் சொல்வதில் இவரை மிஞ்ச ஆளில்லை.

டாக்டரின் காத்திருப்பு நாற்காலியில் உட்கார்ந்து கட்டளையைத் திருத்தினேன். முதல் வரியிலேயே இன்றைய தேதியையும் மணியையும் போட்டு, இதற்கு முந்தைய நேரத்தில் எதையும் வைக்காதே என்றேன். பட்டியலில் இல்லாத வேலையைச் சேர்க்கக் கூடாது. அதிகபட்சம் 5 வேலை, நடுவில் 15 நிமிட இடைவெளி, மீதி எல்லாம் ‘நாளைக்கு’. இதைச் சொல்லாதபோது, 14 வேலையையும் மூச்சுவிட இடமில்லாமல் ஒரே நாளில் அடைத்திருந்தது.

படுத்தி எடுத்தது ‘அன்பாக’ என்ற சொல்தான். ‘மிகைப்படுத்தாதே’ என்று சேர்த்தேன், சாதனையாளர் போய் ‘இனிய நண்பரே’ வந்தது. கடைசியில் விளக்குவதை விட்டுவிட்டு, என் அக்கா எனக்கு அனுப்புவது மாதிரி ஒரு வரியை எழுதி, இந்தத் தொனியில் எழுது என்றேன்: “பில்லை முதல்ல கட்டிடு, அப்புறம் நிம்மதியா ரிப்போர்ட்ட பாரு.” அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

கடைசி விதி, பல் புகட்டிய பாடம்: புரியாததை ஊகிக்காதே, கீழே தனியாகக் கேள்விக்குறியோடு வை.

இந்த முறை திட்டம் ஒழுங்காக வந்தது. அடியில் இரண்டே வரி.

அந்த மெயில்: ?
அப்பா: ?

மெயில் எதுவென்று ஞாபகம் வந்தது. அப்பாவை எதற்காக எழுதினேன் என்று மண்டையைக் குடைந்தும் வரவில்லை. சரி, அவரிடமே கேட்போம் என்று போன் போட்டேன்.

“நான்தான் ஏதோ சொல்லி எழுதிக்கச் சொன்னேன்” என்றார். “என்னன்னு எனக்கும் மறந்துபோச்சு. சரி, பல் எப்படி இருக்கு?”

பேசி முடித்தபோது 50 நிமிடம் ஆகியிருந்தது. ரிப்போர்ட் ‘நாளைக்கு’ப் போய்விட்டது.