வேலை விளம்பரத்தையும் ரெஸ்யூமையும் வரிக்கு வரி ஒப்பிட்ட அனுபவம்

ஓசூர் சிப்காட்டில், வாகன உதிரிபாகங்களை மெஷினிங் செய்து பெரிய நிறுவனங்களுக்கு அனுப்பும் ஒரு சிறிய கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது 'சப்ளையர் குவாலிட்டி இன்ஜினியர்' வேலைக்கு ஒரு விளம்பரம் வந்தது. டிப்ளமோ மெக்கானிக்கல், மூன்று முதல் ஐந்து ஆண்டு அனுபவம் என்ற இரண்டு நிபந்தனைகளும் எனக்குப் பொருந்தின. ஆனால் மீதி விளம்பரத்தில் இருந்த சொற்களில் பாதிக்கு மேல் என் ரெஸ்யூமில் இல்லை. அந்த வேலைகளில் பலவற்றை நான் அன்றாடம் செய்துகொண்டுதான் இருந்தேன். எனவே விண்ணப்பிக்கும் முன்பு இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

விளம்பரத்தை அப்படியே வரிவரியாக எடுத்துக்கொண்டால் ஒப்பீடு நடக்காது என்பது முதல் பார்வையிலேயே தெரிந்தது. உதிரிபாக ஏற்புக்கான பிபிஏபி ஆவணங்கள், அளவீட்டு முறையை நம்பலாமா என்று சோதிக்கும் எம்எஸ்ஏ, உற்பத்தியைப் புள்ளியியல் முறையில் கண்காணிக்கும் எஸ்பிசி, வரைபடத்தில் வடிவ, இட வரம்புகளைக் காட்டும் ஜிடி அண்ட் டி குறியீடுகளைப் படித்தறிதல், சப்ளையர் ரிஜெக்‌ஷனை எட்டு டி என்ற எட்டுப் படிச் சிக்கல் தீர்க்கும் முறையில் முடித்துவைத்தல் ஆகிய ஐந்தும் அதில் ஒரே வாக்கியத்தில் அடைக்கப்பட்டிருந்தன. அந்த ஐந்தில் எனக்கு இரண்டு நன்றாகவும், இரண்டு ஓரளவும், ஒன்று மேலோட்டமாகவும் தெரியும் என்னும்போது, முழு வாக்கியத்துக்கும் சேர்த்து 'உண்டு' என்றோ 'இல்லை' என்றோ குறிப்பதில் பொருளில்லை. ஆகவே ஒரு கோரிக்கைக்கு ஒரு வரிசை என்று எக்செல் தாளில் பிரித்து எழுதினேன். முதல் பத்தியில் விளம்பரத்தின் சொல்லை எழுத்து மாறாமல் வைத்தேன். இரண்டாவதில் அது என் ரெஸ்யூமில் எந்த வரியில் இருக்கிறது என்பதையும், மூன்றாவதில் அந்த வேலையை நான் உண்மையில் எந்த அளவுக்குச் செய்திருக்கிறேன் என்பதையும் எழுதினேன். 'நல்ல தகவல் தொடர்புத் திறன்', 'குழுவாகச் செயல்படுதல்' போன்று எல்லா விளம்பரங்களிலும் வருவனவற்றைத் தாளின் அடிக்குத் தள்ளிவிட்டேன். அவற்றுக்கு ரெஸ்யூமில் இடம் கொடுப்பது வீண் என்பது என் கருத்து.

எக்செல் தாளின் இந்த மூன்றாவது பத்திதான் உண்மையில் உதவியது. ரெஸ்யூமில் ஒரு சொல் இல்லை என்றால் அதற்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். வேலையை வேறு பெயரில் எழுதியிருக்கலாம். செய்தும் எழுதாமல் விட்டிருக்கலாம். அல்லது அந்த வேலையே தெரியாமல் இருக்கலாம். தேடிப் பார்த்தால் மூன்றுமே 'இல்லை' என்றுதான் வரும். ஆனால் முதலாவதற்குச் சொல்லை மாற்றினால் போதும், இரண்டாவதற்குப் புதிய வரி வேண்டும், மூன்றாவதற்கு ரெஸ்யூமில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

எஸ்பிசி வரிசை முதல் வகை. எங்கள் லைனில் 25 மில்லிமீட்டர் எச்7 துளை ஒன்று உண்டு. அதன் அளவு 25.000 முதல் 25.021 வரைக்குள் இருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து பீஸ் எடுத்து, போர் கேஜில் அளந்து, எக்ஸ்பார்-ஆர் சார்ட்டில் குறித்து, மாதக் கடைசியில் செயல்முறையின் திறனைக் காட்டும் Cpk எண்ணைக் கணக்கிட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. என் ரெஸ்யூமிலோ அது 'மணிக்கணக்கு ஆய்வு அறிக்கை தயாரித்தல்' என்ற பொருளில், எங்கள் கம்பெனிக்குள் வழங்கும் பெயரிலேயே இருந்தது. வெளியே இருப்பவருக்கு அந்தப் பெயர் எதையும் சொல்லாது. அந்த வரியில் SPC, X-bar R chart, Cpk என்ற மூன்று சொற்களையும் கொண்டுவந்து, எந்த அளவுக்கு, எத்தனை பீஸ் கொண்டு செய்தேன் என்பதையும் சேர்த்தேன். விளம்பரச் சொல்லைத் தனியே 'திறன்கள்' என்ற தலைப்பின் கீழ் அடுக்குவதைவிட, செய்த வேலையின் வரிக்குள் அதை வைப்பதே நல்லது. தேடுபவருக்குச் சொல்லும் கிடைக்கிறது; படிப்பவருக்கு ஆதாரமும் கிடைக்கிறது.

பிபிஏபி வரிசையில் சிக்கல் வேறு விதமானது. புதிய உதிரிபாகம் ஒன்றை வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்வதற்காகச் சமர்ப்பிக்கும் ஆவணத் தொகுப்பு அது. அமெரிக்க வாகனத் தொழில் அமைப்பான ஏஐஏஜி வெளியிட்ட கையேட்டின்படி அதில் 18 கூறுகள் உண்டு. சமர்ப்பிப்பில் ஐந்து நிலைகள் உண்டு. வாடிக்கையாளர் வேறு சொல்லாதவரை மூன்றாம் நிலைதான் வழக்கம். 'பிபிஏபி தெரியும்' என்று நான் எழுதலாமா என்று, முன்பு எங்களிடம் வேலை பார்த்துவிட்டு இப்போது வேறிடத்தில் சப்ளையர் குவாலிட்டியில் இருக்கும் ஓர் அண்ணனிடம் கேட்டேன். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "தம்பி, அந்த ஃபைலை நீ கட்டினியா, இல்ல அதுக்கு ரீடிங் மட்டும் எடுத்துக் குடுத்தியா?"

"ரீடிங் எடுத்தேன்ணே. பலூன் டிராயிங் போட்டேன். எம்எஸ்ஏவும் நான்தான் பண்ணினேன்."

"அப்ப அதையே எழுது. பிஎஸ்டபிள்யூல கையெழுத்துப் போட்டவன் மாதிரி எழுதுனா, இன்டர்வியூல பிஎஃப்எம்இஏல இருந்துதான் ஆரம்பிப்பாங்க."

பலூன் டிராயிங் என்பது ஒவ்வோர் அளவுக்கும் எண் இட்ட வரைபடம். பிஎஸ்டபிள்யூ என்பது அந்தத் தொகுப்பின் சமர்ப்பிப்புச் சான்று. பிஎஃப்எம்இஏ என்பது தயாரிப்பில் எங்கே தவறு நேரலாம் என்று முன்கூட்டியே ஆராயும் ஆவணம். அவர் சொன்னபடி 18 கூறுகளையும் ஒரு தாளில் எழுதி, நான் தொட்டவற்றுக்கு மட்டும் குறி போட்டேன். அளவு முடிவுகள், எம்எஸ்ஏ ஆய்வு, தொடக்கச் செயல்திறன் ஆய்வு, சோதனைக் கருவிகளின் பட்டியல் ஆகியவை என் கையால் ஆனவை. எதை எப்படி ஆய்வு செய்வது என்று சொல்லும் கன்ட்ரோல் பிளானை நான் தினமும் பயன்படுத்தினேன், ஆனால் தயாரித்ததில்லை. பிஎஃப்எம்இஏ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். எனவே ரெஸ்யூமில் 'மூன்றாம் நிலை PPAP சமர்ப்பிப்புகளுக்கு, பலூன் குறித்த வரைபடத்துடன் அளவு முடிவுகளையும், பத்து பீஸ், மூன்று பேர், மூன்று முறை என்ற அமைப்பில் MSA ஆய்வையும் தயாரித்தேன்' என்னும் பொருளில் எழுதினேன். கன்ட்ரோல் பிளானுக்கு 'தயாரித்தேன்' என்ற வினையைத் தவிர்த்து, 'அதன்படி ஆய்வு செய்தேன்' என்று தனி வரி கொடுத்தேன். விளம்பரச் சொல் இரண்டு இடத்திலும் இருக்கிறது. வினைச்சொல்தான் உண்மையின் அளவைச் சொல்கிறது.

எல்லா வரிசைகளையும் கண்ணால் தேடுவது அலுப்பாக இருந்ததால், ரெஸ்யூமின் முழு உரையையும் F1 கட்டத்தில் ஒட்டி, கோரிக்கைச் சொற்களை A பத்தியில் வைத்து, இந்தச் சூத்திரத்தைப் போட்டேன்:

```
=ISNUMBER(SEARCH(A2,$F$1))
```

சொல் இருந்தால் TRUE என்றும் இல்லாவிட்டால் FALSE என்றும் காட்டும். வேகமாகத்தான் இருந்தது, ஆனால் ERP என்ற வரிசைக்கு TRUE வந்தபோது சந்தேகம் எழுந்தது, ஏனெனில் அந்தச் சொல்லை நான் எங்கும் எழுதியிருக்கவில்லை. Ctrl+F போட்டுப் பார்த்தால், வரைபடம் படிப்பதைப் பற்றிய வரியில் உள்ள interpretation என்ற சொல்லுக்கு நடுவே erp என்ற மூன்று எழுத்துகள் ஒளிந்திருந்தன. அதேபோல் ISO என்பதை supervisor என்ற சொல்லுக்குள் கண்டுபிடித்து, அதற்கும் TRUE காட்டியது. சுருக்கப் பெயர்களுக்கு இந்தச் சூத்திரத்தை நம்பக் கூடாது. TRUE வந்த ஒவ்வொன்றையும் Ctrl+F போட்டு நேரில் பார்த்துவிட வேண்டும்.

FALSE என்பதிலும் இதே எச்சரிக்கை தேவைப்பட்டது. பிடிஎஃப் கோப்பிலிருந்து உரையை எடுத்து ஒட்டும்போது control ஒரு வரியின் கடைசியிலும் plan அடுத்த வரியின் தொடக்கத்திலும் விழுந்துவிட்டால், இரண்டு சொல்லும் இருந்தாலும் சூத்திரத்துக்கு அது கிடைக்காது. எம்எஸ்ஏவில் செய்யும் கேஜ் ஆர் அண்ட் ஆர் ஆய்வை விளம்பரம் Gage என்ற அமெரிக்க எழுத்துக்கூட்டலிலும், நான் Gauge என்றும் எழுதியிருந்ததால் அதற்கும் FALSE வந்தது. நௌக்ரி போன்ற தளங்களில் ஆள் தேடுபவர்களும் சொல்லைத் தட்டச்சு செய்துதான் தேடுகிறார்கள் என்பதால், விளம்பரத்தின் எழுத்துக்கூட்டலையே எடுத்துக்கொண்டேன். சுருக்கப் பெயரும் விரிவான பெயரும் தலா ஒரு முறையாவது வருமாறு பார்த்துக்கொண்டேன்.

இரண்டாம் வகையில், அதாவது செய்தும் எழுதாததில், எனக்கே வியப்பளித்தது மொழி வரிசைதான். பொம்மசந்திரா, ஜிகணி பக்கத்துச் சப்ளையர்களிடம் போய்வர வேண்டும், கன்னடம் தெரிந்தால் நல்லது என்று விளம்பரத்தில் இருந்தது. எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டை. அங்கே கடைத்தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்துதான் பேச்சு நடக்கும் என்பதால், கன்னடம் பேசுவதை ஒரு தகுதியாக யாரும் நினைப்பதில்லை. ரெஸ்யூமிலும் தமிழ், ஆங்கிலம் என்று மட்டுமே இருந்தது. கன்னடத்தையும் தெலுங்கையும் 'பேச மட்டும்' என்ற குறிப்போடு சேர்த்தேன். இரு சக்கர வாகன உரிமம் இருப்பதையும் பயணத்துக்குத் தயார் என்பதையும் அதே இடத்தில் ஒரே வரியில் எழுதினேன்.

உண்மையிலேயே இல்லாதவை மூன்று: வாகனத் துறையின் தர மேலாண்மைத் தரநிலையான ஐஏடிஎஃப் 16949க்கான உள் தணிக்கையாளர் சான்றிதழ், சப்ளையர் இடத்தில் தணிக்கை செய்த அனுபவம், எஸ்ஏபி. முதலாவதை விளம்பரமே 'இருந்தால் நல்லது' என்ற பிரிவில் வைத்திருந்ததால் அதைத் தொடாமல் விட்டேன். தணிக்கையைப் பொறுத்தவரை, வாடிக்கையாளர் தணிக்கைக்கு வந்தபோது மறுபக்கம் நின்று பதில் சொன்னவன் நான். அவர்கள் எழுதிய குறைபாடுகளில் என் பகுதிக்கு உரியவற்றைச் சரிசெய்து முடித்தும் கொடுத்திருக்கிறேன். 'தணிக்கை செய்தேன்' என்று எழுதாமல், அதை அப்படியே எழுதினேன். எங்கள் கம்பெனியில் எஸ்ஏபி கிடையாது. வேறொரு ஈஆர்பி மென்பொருளில்தான் உள்வரும் சரக்கின் ஆய்வு முடிவைப் பதிவு செய்வோம். ஆகவே ஈஆர்பி என்று எழுதினேன், எஸ்ஏபி என்ற சொல்லைச் சேர்க்கவில்லை.

கடைசியாக வரிகளின் வரிசையை மாற்றினேன். விளம்பரத்தில் சப்ளையர் ரிஜெக்‌ஷன் என்ற விஷயம் வேலை விவரத்திலும் தகுதிப் பகுதியிலுமாக இரண்டு முறை வந்திருந்தது. என் ரெஸ்யூமில் அது கடைசி வரி. எங்களுக்கு வார்ப்பு கொடுக்கும் ஃபவுண்டரியிலிருந்து வந்த பீஸ்களில் ஊசித்துளைகள் இருந்ததைப் பிரித்தெடுத்து, ஐந்து ஏன் முறையில் காரணம் தேடி, எட்டு டி அறிக்கையை அவர்களிடமிருந்து வாங்கி முடித்த வேலை அது. அதை முதல் வரியாக ஏற்றினேன். கருவிகளின் நீண்ட பட்டியலைச் சுருக்கி அடியில் வைத்தேன்.

நேர்காணலுக்கு அழைத்தார்கள். அங்கே பெரும்பாலான நேரம் அந்த ஊசித்துளை விவகாரத்திலும் எம்எஸ்ஏவிலும்தான் போனது. கேஜ் ஆர் அண்ட் ஆர் எத்தனை சதவீதம் வந்தால் ஏற்பீர்கள் என்று கேட்டார்கள். 10க்குக் கீழே ஏற்கலாம், 10 முதல் 30 வரை பயன்பாட்டைப் பொறுத்தது, அதற்கு மேல் ஏற்க முடியாது என்றேன். சப்ளையர் தணிக்கை செய்ததுண்டா என்ற கேள்விக்கு, தாளில் இருந்ததையே சொன்னேன். முதல் ஆறு மாதம் உள்வரும் சரக்கு ஆய்வில் இருந்துவிட்டுப் பிறகு தணிக்கைக்கு மூத்தவர்களுடன் போகலாம் என்றார்கள். அந்த நிபந்தனையோடுதான் வேலை கிடைத்தது.