ஜெர்மன் செய்தி ஒன்று, நான்கு இரவுகள்

ஜூலை 7, சேலம்

இந்த வாரப் பயிற்சிக்கு எடுத்திருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்பு விதியைப் பற்றி 2024 கடைசியில் வந்த ஜெர்மன் செய்தி. சுமார் 900 சொற்கள். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காப்பி, கோகோ, ரப்பர் முதலியவற்றை அங்கே விற்கக் கூடாது என்பதுதான் விதி. நாம் காப்பி விளையும் ஏற்காட்டு மலையடியில் குடியிருப்பவர்கள். தோட்டம், சிறு விவசாயி, ஏற்றுமதி எல்லாம் ஏற்கெனவே தெரியும். ஜெர்மனில் பி1 நிலை முடித்து பி2 நிலைக்குப் படிப்பவர்கள் இப்படித் தெரிந்த விஷயத்தில்தான் நீளமான கட்டுரையைத் தொடங்க வேண்டும். விஷயமும் புதிது, மொழியும் புதிது என்றால் எது புரியவில்லை என்றே பிரித்தறிய முடியாது.

இன்று அகராதி கிடையாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் எண் போட்டு, எழுவாயின் கீழ் ஒரு கோடு, வினையின் கீழ் இரண்டு கோடு. வினை இரண்டாக உடைந்திருந்தால் இரண்டு துண்டிலும் கோடு போட்டு வளைவால் இணைக்க வேண்டும். அரை மணி நேரம் போதும்.

ஜூலை 8

மொழிபெயர்ப்பு. ஜெர்மனிலிருந்து நேராகத் தமிழுக்கு. நடுவில் ஆங்கிலம் வேண்டாம். 'ஆணையம் முன்மொழிந்த காலக்கெடு' என்பதை ஜெர்மன் செய்தி நடை பெயர்ச்சொல்லுக்கு முன்னால் முழுவதையும் அடுக்கித்தான் சொல்லும்: 'டீ ஃபான் டேர் கமிஸியோன் ஃபோர்கெஷ்லாகெனன் ஃப்ரிஸ்டன்'. நம் பெயரெச்சம் அப்படியே பொருந்துகிறது. ஆங்கிலம் வழியாகப் போனால் அதைப் பின்னால் தள்ளி, மறுபடி முன்னால் கொண்டுவர வேண்டும். நீண்ட வாக்கியத்தில் அங்கேதான் எது எதைச் சார்ந்தது என்பது குழம்பும்.

நேற்றைய வளைவுக்கோடு இங்கே கைகொடுக்கும். 'லேன்ட்' என்று வாக்கியத்தின் தொடக்கத்தில் கண்டதும் அகராதியில் தேடினால் 'சாய்கிறது' என்று வரும். பன்னிரண்டு சொல் தள்ளி, கடைசியில் தனியாக 'அப்' நிற்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் 'நிராகரிக்கிறது'. விவசாயிகள் சங்கம் காலக்கெடுவை நிராகரிக்கிறது என்பதற்குப் பதில் காலக்கெடுவில் சாய்கிறது என்று வந்தால், கடைசிச் சொல்லைப் பார்க்காமல் அகராதியைத் திறந்திருக்கிறீர்கள்.

ஜூலை 9

மூன்றாம் பத்திக்கு ஒரு முழு மாலையும் கொடுக்கலாம். விவசாயிகள் சங்கத் தலைவர் பேசுகிறார். 'கூறினார்' என்பது முதல் வாக்கியத்தில் மட்டும்தான் வருகிறது. அதற்குப் பின் மூன்று வாக்கியங்கள், பேசியவர் பெயரே இல்லாமல்: சிறு விவசாயிகளால் இந்த விதியைக் கடைப்பிடிக்க முடியாது, அவர்களிடம் கருவிகள் இல்லை, அரசு எச்சரிக்கையைப் பொருட்படுத்தவில்லை.

இவை செய்தியாளர் சொல்லும் உண்மைகள் அல்ல, தலைவரின் வாதம். அடையாளம் வினையில்தான் இருக்கிறது. 'இஸ்ட்' வர வேண்டிய இடத்தில் 'ஸை', 'ஹாட்' வர வேண்டிய இடத்தில் 'ஹாபெ'. பிறர் கூற்று என்று காட்டும் வினைவடிவம் இது. பன்மையில் அந்த வடிவம் சாதாரண 'ஹாபென்' போலவே இருப்பதால், குழப்பம் வராதிருக்க 'ஹெட்டென்' என்று போடுவார்கள். பாடப்புத்தகத்தில் 'ஹெட்டென்' நடக்காததைக் கற்பனை செய்யும் வடிவமாக அறிமுகமாகியிருக்கும். அந்த நினைப்பில் 'கருவிகள் இருந்திருந்தால்' என்று எழுதிவிடுவார்கள். 'கருவிகள் இல்லை என்கிறார்' என்பதே சரி.

தமிழில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'என்றார்' சேர்த்துவிடுங்கள். நடை கனக்கும், கவலை வேண்டாம். இது பயிற்சித் தாள்.

எண்களில் ஒன்றே ஒன்று: 'மில்லியார்டெ' 100 கோடி, 'பில்லியோன்' லட்சம் கோடி. 1.500 என்பது ஆயிரத்து ஐந்நூறு.

ஜூலை 11

ஒரு நாள் விட்டுச் சுருக்கம். தமிழ்த் தாளை மூடிவிட்டு ஜெர்மன் மூலத்திலிருந்தே எழுத வேண்டும். தமிழைப் பார்த்துச் சுருக்கினால் பழகுவது தமிழ் வாசிப்புதான். பத்திக்கு ஒரு வரிக் குறிப்பு, பிறகு எல்லாம் சேர்த்து 100 சொல். ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் அது எந்த மூல வாக்கியத்திலிருந்து வந்தது என்ற எண். எண் போட முடியாத வாக்கியம் உங்கள் ஊகம், அடித்துவிடுங்கள். எல்லா எண்களும் முதல் பத்திக்குள்ளேயே அடங்கினால், மீதியைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

பலரும் எழுதும் முதல் வடிவம் இப்படி இருக்கும்: 'விதி 2024 டிசம்பர் 30 அன்று அமலுக்கு வருகிறது. சிறு விவசாயிகளால் அதைக் கடைப்பிடிக்க முடியாது.' இரண்டுமே தவறு. அந்தத் தேதி 'ஹட்டெ' என்ற முந்தைய இறந்தகால வடிவத்தோடு வரும் பின்னணி. புதிய செய்தி ஓராண்டு ஒத்திவைப்பு. இரண்டாவது வாக்கியத்தில் பேசியவரைக் காணோம்.

திருத்தியது: 'காடழிப்புத் தடுப்பு விதி 2024 டிசம்பர் 30-இல் அமலாக வேண்டியிருந்தது, ஓராண்டு ஒத்திவைக்கப்படுகிறது. தோட்டம் இருக்கும் இடத்தின் ஆயத்தொலைவுகளைக் காட்ட வேண்டும்; 4 ஹெக்டேருக்கு மேல் எல்லைக்கோடு முழுவதும், அதற்குள் ஒரு புள்ளி போதும். சிறு விவசாயிகளிடம் கருவிகள் இல்லை என்கிறார் சங்கத் தலைவர்.'

இதையே அடுத்து ஐந்து ஜெர்மன் வாக்கியங்களில் எழுத வேண்டும். கடைசி வாக்கியத்தில் 'ஹெட்டென்' வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.