சீல் போட்ட கடிதம்

"என் கணவர் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கை என் பெயருக்கு மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கணக்கு வைத்திருப்பவர் நேரில் வந்து கையெழுத்திட இயலாது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்."

கோடு போட்ட நோட்டுத்தாளில் எழுதியிருந்தார். முதல் வரி எல்லோரும் எழுதுவதுதான். இரண்டாவது வரியை நான் வேறு எந்தக் கடிதத்திலும் பார்த்ததில்லை. யாரோ கொடுத்த மாதிரிக் கடிதத்திலிருந்து வந்திருக்கலாம், அல்லது மேலே 'காலமானார்' என்று எழுதிவிட்டு, அதை வங்கிக்குப் புரிகிற மாதிரி இன்னொரு தடவை சொல்ல வேண்டும் என்று அவருக்கே தோன்றியிருக்கலாம். பின்னால் இறப்புச் சான்றிதழின் நகல் பின் செய்யப்பட்டிருந்தது.

முதலில் சொல்லிவிடுகிறேன். இறந்தவரின் கணக்கை இன்னொருவர் பெயருக்கு 'மாற்றுவது' என்று ஒன்று வங்கியில் கிடையாது. அந்தக் கணக்கை முடித்து, அதிலுள்ள பணத்தை உரியவரிடம் கொடுப்போம், அவ்வளவுதான். கணக்கு இருவர் பெயரில், 'யாரேனும் ஒருவர் அல்லது எஞ்சியவர்' என்று இருந்தால் மட்டும் இறந்தவர் பெயரை நீக்கிவிட்டு மற்றவர் தொடரலாம். மக்கள் பெயர் மாற்றம் என்று நினைப்பது அதைத்தான். இந்தக் கணக்கு அவர் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தது.

"அப்படி மாத்த முடியாதும்மா. க்ளைம் போடணும். நாமினி யாருன்னு பார்க்கிறேன்," என்றேன்.

"நாமினி போட்டிருக்கு சார்," என்று பாஸ்புக்கை நீட்டினார். முதல் பக்கத்தில் 'நியமனம் பதிவு செய்யப்பட்டுள்ளது' என்று அச்சாகியிருந்தது. பெயர் இல்லை. வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டால்தான் நாமினியின் பெயரையும் பாஸ்புக்கில் அச்சிடுவோம். அவர் கணவர் கேட்டிருக்கவில்லை. அந்த ஒரு வரியைத் தன் பெயர் என்றே அவர் படித்திருந்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் படிப்பார்கள்.

திரையில் வேறு பெயர் இருந்தது. உறவு என்ற இடத்தில் 'சகோதரர்'. தேதியைப் பார்த்தேன், கல்யாணத்துக்கு முந்தைய தேதி. முதல் வேலை கிடைத்துச் சம்பளக் கணக்கு தொடங்கும்போது படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கும், பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர் பெயரை எழுதிவிடுவார்கள். அப்புறம் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வருங்கால வைப்பு நிதியில் இந்தச் சிக்கல் இல்லை. குடும்பம் இல்லாதபோது செய்த நியமனம், குடும்பம் வந்ததும் தானாகவே செல்லாமல் போய்விடும் என்று அந்தத் திட்டத்திலேயே இருக்கிறது. வங்கிக் கணக்கில் அப்படி எதுவும் இல்லை. எத்தனை கல்யாணம் ஆனாலும், எத்தனை பிள்ளை பிறந்தாலும், அவராக வந்து எழுதிக் கொடுத்தால்தான் மாறும்.

"நாமினி நீங்க இல்லம்மா," என்று மட்டும் சொன்னேன். யார் என்று சொல்லவில்லை. சொல்லலாமா கூடாதா என்பதில் எனக்கு அப்போதே குழப்பம்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பாஸ்புக்கின் பிளாஸ்டிக் உறையில் ஏடிஎம் கார்டு செருகியிருந்தது. அதை ஒரு தடவை பார்த்தார். பிறகு என் மேஜையில் கிடந்த கடிதத்தைப் பார்த்தார்.

"அப்ப இந்த லெட்டரை நான் திருப்பி எடுத்துக்கட்டுமா சார்?"

"சீல் போட்டாச்சும்மா," என்றேன்.

இந்த இரண்டு வரிகளைத்தான் இத்தனை வருடமாகத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கடிதம் உள்ளே வந்துவிட்டால் எங்களுக்கு மரணம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். கணக்கில் 'இறந்தவர்' என்று குறிக்க வேண்டும், கார்டை முடக்க வேண்டும். அன்று மதியமே இரண்டையும் செய்தேன். அந்தக் கடிதத்தைத் தராமல், பேசாமல் ஏடிஎம்முக்குப் போய் நான்கைந்து நாட்களில் பணத்தை எடுத்துவிட்டு, அப்புறம் வந்து கணக்கை முடிக்கச் சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது தவறுதான். இறந்தவரின் கார்டைப் பயன்படுத்த யாருக்கும், மனைவிக்கும்கூட, உரிமை இல்லை. நாளை வேறு வாரிசு கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் அப்படி எடுத்தவர்களில் யாரையும் நாங்கள் துரத்திப் போனதில்லை. முறையாக எழுதிக் கொடுத்தவரின் கார்டு மட்டும் அன்றே முடங்கியது.

சட்டம் இன்னும் விசித்திரமானது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 45ZB என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு டெபாசிட்டுக்கு உரிமை கோரி, கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத் தவிர வேறு யார் அறிவிப்புக் கொடுத்தாலும் வங்கி அதை ஏற்கத் தேவையில்லை, அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. நீதிமன்றத்தின் உத்தரவோ சான்றிதழோ கொண்டுவந்தால்தான் வங்கி அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஆக அவருடைய கடிதத்தில் 'என் பெயருக்கு மாற்றித் தாருங்கள்' என்ற பாதிக்கு ஒரு மதிப்பும் இல்லை. 'என் கணவர் காலமானார்' என்ற பாதி மட்டும் உடனே வேலை செய்தது, அவருக்கு எதிராக.

ஒன்பது நாள் கழித்துக் கணவரின் அண்ணன் வந்தார். யார் சொல்லி வந்தார் என்று தெரியாது, நாங்கள் சொல்லவில்லை. க்ளைம் படிவம், அசல் இறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை என்று எல்லாம் சரியாக இருந்தது. நாமினி வந்தால் வாரிசுச் சான்றிதழ் கேட்கக் கூடாது, 15 நாளுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2005-லேயே சொல்லியிருக்கிறது. பார்க்க வேண்டியவை மூன்று: ஆள் அவர்தானா, நீதிமன்றத் தடை ஏதும் இருக்கிறதா, வாரிசுகளின் சார்பில் வெறும் அறங்காவலராகத்தான் பணத்தை வாங்குகிறார் என்பதை அவருக்குத் தெளிவாகச் சொல்லியாயிற்றா.

மூன்றாவதை நான் சொன்னேன். "சார், நாமினிங்கிறது பணத்தை வாங்கிக்கிற ஆள் மட்டும்தான். பணம் வாரிசுகளுக்குச் சொந்தம்." 2010-ல் உச்ச நீதிமன்றமும் இதையே சொல்லியிருக்கிறது. அவர்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் வருபவர்கள். தாய் ஏற்கெனவே இல்லை, மனைவியும் ஒரு மகளும் இருக்கிறார்கள். அப்படியிருக்க அண்ணனுக்கு அதில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

"தெரியும் சார்," என்று கையெழுத்துப் போட்டார். நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான தொகை. மூன்றாம் நாள் அவர் கணக்குக்குப் போனது.

நான் செய்ததில் ஆடிட்டர் ஒரு சிவப்புக் கோடுகூடப் போட முடியாது. மேனேஜரும் அதைத்தான் சொன்னார். "நாம யார் பக்கமும் நிற்கக் கூடாது. நாளைக்கு அண்ணனே உத்தமரா இருக்கலாம், உனக்கென்ன தெரியும்?" உண்மைதான். அந்த மனிதர் மறுநாளே முழுத் தொகையையும் தம்பி மனைவியிடம் கொடுத்திருக்கலாம். நான் அவரைப் பற்றிக் கெட்டதாக எதுவும் கேள்விப்படவில்லை. நல்லதாகவும் கேள்விப்படவில்லை.

நாமினியிடம் 'பணம் உன்னுடையது அல்ல' என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு விதி இருந்தது. 'பணம் உங்களுடையது' என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்கு விதி இல்லை. இல்லாததால் நான் சொல்லவில்லை. "கோர்ட்டில் தடை வாங்கிட்டு வந்தா நாங்க கொடுக்காம நிறுத்தி வைப்போம்மா" என்று ஒரு வாக்கியம் போதும். அன்று கவுண்டரில் கூட்டம் என்பது ஒரு காரணம். சொல்லியிருந்தால் வக்கீல் செலவு, வீட்டுக்குள் சண்டை, அதற்கு நான் காரணமாகிவிடுவேன் என்பது இன்னொரு காரணம். இரண்டாவது காரணம் பிறகு யோசித்துச் சேர்த்துக்கொண்டது என்று நினைக்கிறேன்.

நாமினியே இல்லாமல் இருந்திருந்தால் அவருக்கு நல்லது நடந்திருக்கும் என்பதையும் யோசிக்கிறேன். வாரிசுச் சான்றிதழ், ஈட்டுறுதிப் பத்திரம் என்று இரண்டு மாதம் அலைந்திருப்பார், ஆனால் பணம் அவர் கைக்கே வந்திருக்கும். எல்லோரையும் நாமினி போடுங்கள் என்று வற்புறுத்துகிற ஆள் நான். அதை இன்னமும் செய்கிறேன், செய்யத்தான் வேண்டும். 2025 நவம்பரிலிருந்து நான்கு பேர் வரை போடலாம் என்றும் வந்துவிட்டது. அதனால் மட்டும் அவர் கணவர் வங்கிக்கு வந்து பழைய பெயரை மாற்றியிருப்பாரா?

சீலுக்கு வருகிறேன். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், அவர் கடிதத்தைத் திருப்பிக் கேட்டபோது சீல் ஏற்கெனவே விழுந்திருந்தது என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். மாறுதல் ஆகிப் போகும் முன் அந்தக் கோப்பை ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். சீல் கோணலாக, அந்த இரண்டாவது வாக்கியத்தின் மேலேயே விழுந்திருந்தது. நான் எப்போதும் கடிதத்தின் வலது மேல் மூலையில், நேராகப் போடுகிறவன். உள்வரவுப் பதிவேட்டில் தேதிதான் இருக்கும், நேரம் இருக்காது. முதலில் சீல் போட்டேனா, அவர் கேட்ட பிறகு அவசரமாகப் போட்டேனா என்று எனக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. கேட்ட பிறகு போட்டிருந்தாலும் அது தவறு இல்லை. மரணச் செய்தி வாய்வழியாக வந்தாலே எனக்குத் தெரிந்ததுதானே. அந்தச் சமாதானத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கார்டைப் பார்த்த அந்தப் பார்வை வந்துவிடுகிறது.

ஆறு மாதம் கழித்து அவர் தன் பெயரில் ஒரு கணக்கு தொடங்க வந்தார். பணம் கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. படிவத்தில் நாமினி இடத்தில் மகள் பெயரை எழுதினார். சிறுமி என்பதால், அவள் வயதுக்கு வரும்வரை பணம் வாங்க ஒரு பெரியவர் பெயரும் வேண்டும் என்றேன். வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுத் தன் அக்கா பெயரை எழுதினார்.

"இதை அப்புறம் மாத்திக்கலாமா சார்?"

"எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தலாம்மா."

"பாஸ்புக்ல பேரோட அடிச்சுக் கொடுப்பீங்களா?"

படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போடச் சொல்லி நான் யாருக்கும் காட்டியதில்லை. அவருக்கும் நானாகக் காட்டியிருக்கவில்லை.