கண்ணாடிக்குள் இருந்த பச்சைச் சுவர்

அந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே இருந்தது பக்கத்துக் கட்டடத்தின் பச்சைச் சுவர். அதில் ஒரு பி.வி.சி. குழாய் மேலிருந்து கீழாக இறங்கியது. படத்தில் அதை எடுத்துவிட்டுக் கடலையும் வள்ளுவர் சிலையையும் வைக்கச் சொன்னபோது நான் மறுக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரியில் விடுதி அறைகளைப் படமெடுத்துத் திருத்திக் கொடுப்பது என் தொழில். ஜன்னலைத் தொடாமல் இந்தத் தொழிலைச் செய்ய முடியாது. அறைக்கும் வெளிவெளிச்சத்துக்கும் நான்கைந்து ஸ்டாப், அதாவது பல மடங்கு, வித்தியாசம் இருப்பதால், அறையின் வெளிச்சத்துக்கு அளவு வைத்தால் ஜன்னல் வெள்ளைத் தாளாகிவிடும். ஆகவே ஜன்னலுக்கென்று தனியாக ஒரு படம் எடுத்து இரண்டையும் இணைப்போம். அது அங்கே உள்ளதைக் காட்டுவது. இது இல்லாததை வைப்பது. இந்த வேறுபாடு எனக்கு அன்றைக்கும் தெரிந்துதான் இருந்தது.

"நம்ம மொட்டைமாடியில நின்னா தெரியுத காட்சிதானே தம்பி, வேற ஊர்க் கடலையா வைக்கச் சொல்லுதேன்?" என்றார் விடுதி உரிமையாளர். அவரை நான் அண்ணாச்சி என்றே அழைப்பேன். கடல் பார்த்த அறைகளும் அவரிடம் உண்டு. அன்று அவற்றில் ஆள் இருந்ததால் பின்பக்க அறையைத் திறந்துவிட்டிருந்தார். கட்டில், மெத்தை, திரை எல்லாம் எல்லா அறைகளிலும் ஒன்றுதான் என்பதும் உண்மை.

கையிருப்பில் இருந்த என் பழைய கடல் படங்கள் உதவவில்லை. அவற்றில் விவேகானந்தர் பாறைக்கும் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலம் இல்லை. எனவே மறுநாள் காலை மொட்டைமாடிக்குப் போனேன். அறையை எடுத்த அதே 17 மி.மீ. லென்ஸ், தரையிலிருந்து அதே 1.2 மீட்டர் உயரம், கேமரா மட்டமாக. காரணம், எத்தனையாவது மாடியில் நின்றாலும் தொடுவானம் பார்ப்பவரின் கண்மட்டத்திலேயே நிற்கும். ஜன்னலின் அடிவிளிம்பு 0.9 மீட்டர் உயரத்தில் இருந்தது; ஆகவே படத்தில் கடல்கோடு அந்த விளிம்புக்குச் சற்று மேலேதான் வர வேண்டும். அழகுக்காக அதை ஜன்னலின் நடுவுக்கு ஏற்றினால், என்ன பிசகு என்று சொல்லத் தெரியாதவருக்குக்கூட அறை கடலுக்குள் இறங்குவதுபோல் தோன்றும். வெயில் ஏறாத, மேகம் மூடிய நேரமாகவும் பார்த்துக்கொண்டேன். உதய சூரியனை வெளியே வைத்துவிட்டுத் தரையில் ஒரு கீற்று வெயிலும் விழாமல் விட முடியாது.

திரைதான் அதிக நேரம் வாங்கியது. ஓரங்களில் கெட்டித் துணி, நடுவே மெல்லிய வலைத்துணி. கெட்டித் துணியையும் மரச்சட்டத்தையும் திருத்தும் மென்பொருளின் பென் கருவியால் விளிம்போடு வெட்டிவிடலாம். வலைத்துணியை வெட்ட முடியாது. அதன் ஒவ்வோர் இழைக்கும் நடுவே பச்சைச் சுவர் கலந்திருக்கிறது. அந்தப் பகுதியைத் தனி அடுக்காக எடுத்து, நிறத்தை முழுதும் நீக்கி, சுவர் ஏறக்குறைய வெள்ளையாகும்வரை லெவல்ஸில் வெளுக்க வைத்தேன். மடிப்புகளும் நெசவும் மட்டும் சாம்பலாக மிஞ்சின. அதை, கருமையை மட்டும் கீழே உள்ள படத்தில் சேர்க்கும் மல்டிப்ளை முறையில் கடலின்மேல் வைத்தால் துணி வழியாகக் கடல் தெரியும். துணி ஒளியைச் சிதறவிடும் என்பதால், திரைக்குப் பின்னால் வரும் கடலை மட்டும் கொஞ்சம் மங்கலாக்க வேண்டும். இரட்டையாக மடிந்த இடங்களில் எதுவும் தெரியக் கூடாது.

ஜன்னல் கண்ணாடியில் அறைவிளக்கின் பிரதிபலிப்பு இருந்தது. அதை அண்ணாச்சியே, "இது இருக்கட்டும், இருந்தாத்தான் நிஜம்போல இருக்கும்" என்றார். பிரதிபலிப்பு என்பது வெளிக்காட்சியோடு கூடுகிற வெளிச்சம். எனவே சுவரின் பங்கைக் கறுப்பாக்கிவிட்டு, எஞ்சியதை ஸ்கிரீன் முறையில் வைத்தால் விளக்கு மட்டும் தங்கும். இருண்ட சுவரின்மேல் பளிச்சென்று தெரிந்த கட்டிலின் நிழலுரு, வெளுத்த வானத்தின்மேல் ஏறக்குறைய காணாமல் போயிற்று. அப்படித்தான் போக வேண்டும்.

அண்ணாச்சி படத்தைப் பார்த்தார். "பாறையும் சிலையும் ஈ கணக்கா தெரியுதே. கொஞ்சம் பெருசாக்கக் கூடாதா?"

இங்கேதான் நான் வாதாடினேன். சிலை பீடத்தோடு 133 அடி, ஏறக்குறைய 40.5 மீட்டர். மாடியிலிருந்து சுமார் 700 மீட்டர் தூரம். 4,000 புள்ளி உயரமுள்ள படத்தில், அந்த லென்ஸில், அது 164 புள்ளிகள்தான் வரும். ஜன்னல் உயரத்தில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. இதற்குமேல் ஒரு புள்ளி கூட்டினாலும் பொய்யாகிவிடும் என்றேன். அந்தச் சொல்லைத்தான் சொன்னேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சரி, உமக்குத் தெரியும்" என்றார்.

அந்தப் பார்வையைப் பலமுறை நினைத்துவிட்டேன். இல்லாத கடலையே வைத்துவிட்டு, அதன் அளவில் மட்டும் நேர்மை பேசுகிறவனை அவர் என்னவென்று நினைத்திருப்பார்? பெரிதாக்கிய சிலையைப் பார்ப்பவர் சந்தேகப்படுவார், சரியான அளவில் வைத்ததை நம்புவார். அப்படியானால் என் கறார் யாருக்கு உதவியது என்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அளவு தவறிய படத்தை என் கையால் வெளியே விட முடியாது என்பதும் பொய்யில்லை.

சில வாரங்கள் கழித்து அவரிடமிருந்து அழைப்பு வந்தது. படத்தைப் பார்த்து வந்த ஒரு குடும்பம் வரவேற்பு மேசையில் நின்று, கைபேசியில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறது. அறையின் வலப்பக்கச் சுவரில் இருந்த அலங்கார மேசைக் கண்ணாடியில் ஒரு விரற்கடை அகலத்துக்குப் பச்சைச் சுவரும் குழாயும் தெரிந்தன. நல்லவேளையாக முன்பக்க அறை ஒன்று காலியாக இருந்ததால் அவர்களை அங்கே மாற்றிவிட்டாராம். "கண்ணாடிய விட்டுட்டீரே தம்பி" என்றார். கோபமில்லை.

கவனக்குறைவு என்றேன். கோப்பைத் திறந்து பார்த்தபோது அந்தச் சொல் நிற்கவில்லை. பச்சைச் சுவரின் சாயல் ஜன்னல் விளிம்பிலும் தரை ஓடுகளிலும் படிந்திருந்ததை ஒவ்வோர் இடமாக நீக்கியிருந்தேன். அடுக்குகளின் பட்டியலில் 'மேசைக் கண்ணாடி சட்டம்' என்று நானே பெயரிட்ட ஓர் அடுக்கும் இருந்தது. சட்டத்தின் பச்சைச் சாயலை 200 சதவீதத்தில் பெரிதாக்கி நீக்கியவன், அதற்கு ஓர் அங்குலம் உள்ளே இருந்த குழாயைப் பார்க்காமலா இருந்திருப்பான்? வேண்டுமென்றே விட்டேன் என்று சொன்னால் எனக்கு மரியாதை. ஆனால் அப்படி முடிவெடுத்த நினைவும் இல்லை. இரவு இரண்டு மணி வேலை, கண் சோர்ந்திருக்கலாம்.

திருத்தித்தான் கொடுத்தேன். வலப்பக்கச் சுவரில் உள்ள கண்ணாடி ஜன்னல் வழியாக இடப்பக்கத்தைத்தான் காட்டும். அங்கே சிலை வராது, சின்னமுட்டம் பக்கத்துக் கரைதான் வரும். மொட்டைமாடிப் படத்தின் இடது ஓரத்தில் அந்தக் கரை இருந்தது. அதை இடவலமாகத் திருப்பி, அளவு பார்த்து, கண்ணாடிக்குள் வைத்தேன். தொடுவானம் முதல் முயற்சியிலேயே ஜன்னலின் தொடுவானத்தோடு ஒரே கோட்டில் வந்து நின்றது.