வேண்டாததை அடிக்கவும்

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கிலிருந்து புலாவ் உபின் தீவுச் சுற்றுலாவுக்குப் பெயர் சேர்க்க ஒரு படிவம் வேண்டும் என்றார்கள். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அரைமணி நேர வேலை" என்றேன்.

எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கவேண்டும் என்று இறுக்கி அடித்தேன். திரையில் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பெயருக்கு நான்கு சென்டிமீட்டர். எங்கள் ஊர்ப் பெயர்களில் தன் பெயர், 'மகன்' அல்லது 'மகள்' என்ற சொல், அப்பா பெயர் என்று மூன்று சரக்கு ஏறும். பாதிப் பேர் ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருந்தார்கள். வரிகளுக்கிடையே ஐந்து மில்லிமீட்டர்தான். கணினி எழுத்துக்கு அது போதும், எழுபது வயதுக் கைக்கு எட்டு மில்லிமீட்டராவது வேண்டும்.

ஆனால் மானத்தை வாங்கியது சாப்பாடு. 'சைவம் / அசைவம் (வேண்டாததை அடிக்கவும்)' என்று போட்டிருந்தேன். சிலர் வேண்டாததைக் கோடு போட்டு அடித்தார்கள். சிலர் வேண்டியதற்கு டிக் 'அடித்தார்கள்'. நாற்பத்தொரு படிவத்திலும் சாய்வாக ஒரு கோடு. அது டிக்கா, அடித்தலா? ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். கோவிலுக்குத் தவறாமல் போகும் அங்கிள் ஒருவரை அசைவக் கணக்கில் சேர்த்திருந்தேன். "தம்பி, நான் அதை அடித்தேனப்பா!" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

இரண்டாவது படிவத்தில் கட்டம் வைத்தேன். 'சைவம் □ அசைவம் □ மீன் மட்டும் □' என்று ஒரே வரியில், ஒரே இடைவெளியில். நடுவிலிருக்கும் கட்டம் யாருடையது? இடப்பக்கத்து வார்த்தைக்கா, வலப்பக்கத்து வார்த்தைக்கா? மனைவியிடம் கொடுத்துப் பார்த்ததில் அங்கேயே மாட்டிக்கொண்டாள். நல்லவேளை, நகல் எடுக்கவில்லை.

மூன்றாவது முறை ஒவ்வொன்றையும் தனி வரியில் இறக்கி, கட்டத்தை வார்த்தைக்கு முன்னால் ஒட்டி வைத்தேன். 'ஒன்றுக்கு மட்டும் ✓ போடவும்' என்பதைப் பக்கத்தின் அடியிலிருந்து கட்டங்களுக்கு மேலே கொண்டுவந்தேன். முகவரியைப் புளோக், தெரு, வீட்டு எண் என்று பிரித்து, அஞ்சல் குறியீட்டுக்கு ஆறு கட்டம், தொலைபேசிக்கு எட்டு. ஆளைப் பற்றியது ஒரு பகுதி, சாப்பாடு ஒரு பகுதி, அவசரத்துக்கு அழைக்கவேண்டியவர் ஒரு பகுதி. அடையாள அட்டை எண்ணைத் தூக்கிவிட்டேன். 2019 செப்டம்பரிலிருந்து தேவையில்லாமல் அதைக் கேட்கக்கூடாது என்று மகள் முறைத்தாள். படகுப் பயணத்துக்கு அது எதற்கு? கடைசியில் 'வேறு ஏதும் சொல்ல வேண்டுமா?' என்று தாராளமாக மூன்று வரி.

எல்லாம் சுத்தமாக வந்தது, ஒன்றைத் தவிர. ஐந்தாம் மாடி ஆண்ட்டி இரண்டு கட்டத்திலும் டிக் போட்டு, மூன்று வரியையும் நிரப்பியிருந்தார்: "வெள்ளிக்கிழமை என்றால் சைவம். மற்ற நாள் என்றால் அசைவம். எந்தக் கிழமை போகிறோம் என்று நீ எங்கேயும் எழுதவே இல்லையே, தம்பி?"