பட்டறையின் மூன்று சர்வர்களும் ஒற்றை சுவிட்சும்

கோவை கணபதியில் சிஎன்சி பட்டறை நடத்தும் ஒருவருக்கு மூன்று சிறிய சர்வர்களை, மெய்நிகர் கணினிகளை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் மென்பொருளில் ஒரே கிளஸ்டராக இணைத்துக் கொடுத்தேன். இயந்திரங்களுக்கான புரோகிராம் கோப்புகள், பில் போடும் மென்பொருள், வருகைப்பதிவு என மூன்றே மெய்நிகர் கணினிகள்தான். ஆனால் கோப்பு சர்வர் படுத்துவிட்டால் அடுத்த வேலைக்கான புரோகிராமை எடுக்க வழியில்லாமல் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

"ஒரு பெட்டி போனாலும் வேலை நிற்காதுதானே தம்பி?" என்று உரிமையாளர் கேட்டார். "நிற்கும் அண்ணா, ஆனால் தானாக எழுந்துவிடும்" என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஹை அவெய்லபிலிட்டி, சுருக்கமாக எச்ஏ, என்ற பெயரைக் கேட்டதும் எல்லோரும் தடையே இருக்காது என்று நினைத்துவிடுகிறார்கள்.

அதனால் அவர் கண்ணெதிரிலேயே ஓடிக்கொண்டிருந்த ஒரு சர்வரின் மின்கம்பியைப் பிடுங்கிக் காட்டினேன். சில நொடிகளில் மற்ற இரண்டும் அது காணாமல் போனதைக் கண்டுகொண்டன. ஆனாலும் கோப்பு சர்வரை உடனே எடுத்து ஓட்டவில்லை. எச்ஏ திரையில் அந்தப் பெட்டிக்கு நேரே `old timestamp - dead?` என்று வந்தது. பிறகு அதன் நிலை `fence` என மாறியது. ஏறத்தாழ இரண்டு நிமிடம் கழித்தே கோப்பு சர்வர் இன்னொரு பெட்டியில் முதலிலிருந்து பூட் ஆகி எழுந்தது. நினைவகத்தில் இருந்தவை போனது போனதுதான். பாதி தட்டிய பில்லை மறுபடி தட்ட வேண்டும்.

அந்த இரண்டு நிமிடம் வீண் அல்ல. பேச்சு நின்றுபோன பெட்டி உண்மையிலேயே அணைந்துவிட்டதா, கேபிள் மட்டும் கழன்றதா என்பது மற்றவற்றுக்குத் தெரியாது. அது உயிரோடு இருக்கும்போதே இன்னொன்று அதே கணினியை ஓட்டத் தொடங்கினால், இருவரும் ஒரே டிஸ்க்கில் எழுதி அதைக் குலைத்துவிடுவார்கள். ஆகவே மூன்றில் இரண்டு என்ற பெரும்பான்மையை இழந்த பெட்டி, வாட்ச்டாக் என்னும் காவல் டைமர் மூலம் சுமார் ஒரு நிமிடத்தில் தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ள வேண்டும் என்பது விதி. மற்றவை அதற்காகவே காத்திருக்கின்றன.

இந்த விதிக்கு இன்னொரு முகம் உண்டு. மூன்று பெட்டிகளும் ஒரே சுவிட்ச் வழியாகத்தான் பேசுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் செத்தால் ஒவ்வொன்றும் தான் மட்டும் தனித்துவிட்டதாக நினைக்கும். மூன்றில் இரண்டு வாக்கு யாருக்கும் இல்லை. எச்ஏ கணினிகளை ஓட்டிக்கொண்டிருந்த பெட்டிகள் எல்லாம், எந்தப் பழுதும் இல்லாமலே ரீபூட் ஆகும். கிளஸ்டர் போடாமல் விட்டிருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது!

இதற்கு மாற்றுவழி, சேமிப்புக்காக நாங்கள் செய்த ஏற்பாட்டிலேயே இருந்தது. பகிர்வுச் சேமிப்புக்கு, மூன்று பெட்டிகளின் டிஸ்க்குகளையும் ஒன்றாக்கும் செஃப் மென்பொருளை வைத்திருந்தோம். ஒவ்வொரு பெட்டியிலும் பழைய சந்தையில் வாங்கிய இரண்டு முனை 10 ஜிகாபிட் நெட்வொர்க் அட்டை. சுவிட்ச் இல்லாமல் மூன்று கேபிளால் முக்கோணமாக ஒன்றோடொன்று நேரடி இணைப்பு. கிளஸ்டரின் பேச்சுக்கு அலுவலக நெட்வொர்க்கை முதல் பாதையாகவும், இந்த முக்கோணத்தை இரண்டாவது பாதையாகவும் கொடுத்தேன்:

```
pvecm create pattarai --link0 192.168.1.11 --link1 10.10.10.1
```

பிறகு சுவிட்சை அணைத்துப் பார்த்தோம். `corosync-cfgtool -s` கட்டளையில் முதல் பாதைக்கு `disconnected`, இரண்டாவதற்கு `connected`. `pvecm status` தொடர்ந்து `Quorate: Yes`, அதாவது பெரும்பான்மை இருக்கிறது என்றே சொன்னது. ஒரு பெட்டியும் ரீபூட் ஆகவில்லை. சுவிட்ச் இல்லாததால் அலுவலகக் கணினிகள் கோப்பு சர்வரை எட்ட முடியாது என்பது வேறு விஷயம். சுவிட்சை மாற்றியதும் அது சரியாகிவிடும்.

செஃப்பில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் எஸ்எஸ்டி. எழுதப்படும் ஒவ்வொரு தரவும் மூன்று டிஸ்க்கிலும் பதிந்த பிறகே முடிந்ததாகக் கணக்கு. மின்வெட்டுப் பாதுகாப்பு மின்தேக்கி இல்லாத சாதாரண எஸ்எஸ்டி, அந்த உறுதியைத் தருவதற்குள் திணறிவிடும். பழையதானாலும் சர்வர் ரக 960 ஜிபி டிஸ்க்குகளே போட்டோம். மூன்று பிரதி என்பதால் கையில் கிடைப்பது ஒரு டிஸ்க்கின் அளவுதான். அதிலும் 85 சதவீதத்தைத் தாண்டினால் செஃப் எச்சரிக்கத் தொடங்கும்.

ஒரு சின்ன விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. விண்டோஸ் நிறுவியபோது செருகிய ஐஎஸ்ஓ கோப்பு, ஒரு பெட்டியின் உள் டிஸ்க்கில் இருந்தபடியே அந்த மெய்நிகர் கணினியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பெட்டி போனால், இன்னொன்றில் அந்தக் கோப்பு இல்லாததால் கணினி பூட் ஆகாது. நிறுவி முடித்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும்.

உரிமையாளருக்கு மனம் நிறைந்தது திடீர்ப் பழுதில் அல்ல, திட்டமிட்ட பராமரிப்பில்தான். ஒரு பெட்டிக்கு நினைவகம் கூட்ட வேண்டியிருந்தபோது பட்டறை ஓடும் நேரத்திலேயே இதைக் கொடுத்தேன்:

```
ha-manager crm-command node-maintenance enable pve2
```

அதில் ஓடிய கணினிகள் அணையாமலே மற்ற பெட்டிகளுக்கு நகர்ந்தன. பில் போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் ஏதாவது நின்றதா என்று அவர் கேட்டார். "எதுக்கு அண்ணா?" என்றார் அந்தப் பெண்.