ஸ்கேனுக்குள்ள ஒரு படித்துறை

எம்ஆர்ஐ எடுக்கப் போறப்ப பதறுறவங்களுக்குச் சொல்றேன். மனசுக்குள்ள ஒரு அமைதியான இடத்தை முன்னாடியே தயார் பண்ணி வச்சுக்கோங்க. என்னோடது தாமிரபரணி படித்துறை. பாட்டி வீட்டுத் திண்ணையை எடுக்கல. பாட்டி இப்ப இல்லைங்கிற நினைப்பும் கூடவே வந்துரும். நமக்கு வேண்டியவங்க நினைப்பு வராத இடம்தான் வசதி.

வெறும் காட்சியா நினைச்சா நிக்காது. பாதத்துக்குக் கீழ கல்லோட சில்லிப்பு, கணுக்காலைக் கடிக்கிற மீன்குஞ்சு, துவைச்ச துணியோட சோப்பு வாசனைன்னு ஒண்ணொண்ணா உள்ள போகணும். தூங்கப் போறதுக்கு முன்னாடி சில நாள், ‘படித்துறை’ன்னு மனசுக்குள்ள சொல்லிப் பழகினேன். பதட்டம் உச்சத்துக்குப் போனப்புறம் புதுசா இடம் தேடினா கிடைக்காதுங்க.

மெஷின் டக்டக்னு அடிக்கிறப்ப அந்தச் சத்தத்தோட சண்டை போடல, அக்கரையில யாரோ துணி துவைக்கிறாங்கன்னு வச்சுக்கிட்டேன்! சிலருக்குக் கண்ணை மூடினாலே பழைய பயம் கிளம்பும். அவங்க இதை விட்டுட்டு, கண்ணைத் திறந்து எதிர்ல தெரியறதைப் பார்க்கிறது நல்லது. முடியலன்னா கையில குடுத்த பஸ்ஸரை அமுக்குங்க, அதுக்குத்தான் குடுக்கிறாங்க.